மேசைப் படத்தில் தெரியும் அந்த போர்டு எது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுங்கை சிப்புட்டில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். கண்ணாடி மாற்றுவது, பேட்டரி மாற்றுவது, இதுதான் பிழைப்பு. ஆனாலும் வாரம் தவறாமல் யாராவது எலக்ட்ரானிக்ஸ் போர்டுகள் கிடக்கும் ஒரு மேசையைப் படம் பிடித்து "இது என்ன போர்டு?" என்று அனுப்பிவிடுகிறார்கள். பாலிடெக்னிக் முடித்துவிட்டு வேலைக்குப் போன பிள்ளைகள் விட்டுப்போன மேசையாக இருக்கும், இல்லையென்றால் பள்ளி ப்ராஜெக்டுக்கு வாங்கியது எது என்று தெரியாமல் நிற்கும் அப்பா அம்மாவாக இருக்கும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக டைப் பண்ணி விரல் தேய்ந்துவிட்டது, அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

"அண்ணே, மேசைய முழுசா ஒரு படம் எடுத்து அனுப்பிட்டேன். எது என்ன போர்டுன்னு சொல்லுங்க."

அந்த ஒரு படத்தை வைத்துச் சொன்னால் பாதி யூகம்தான். மேசை 120 சென்டிமீட்டர் அகலம் என்று வையுங்கள். வாட்ஸ்அப் சாதாரணமாக அனுப்பும்போது படத்தின் நீளப் பக்கத்தை ஏறக்குறைய 1600 பிக்சலுக்குச் சுருக்கிவிடும். கணக்குப் போட்டால் ஒரு மில்லிமீட்டருக்கு ஒன்றரை பிக்சல்கூட இல்லை. போர்டில் அச்சடித்திருக்கும் எழுத்தின் உயரமே ஒரு மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும், அதற்கு ஒரே ஒரு புள்ளி கிடைத்தால் எவ்வளவு பெரிதாக்கினாலும் எழுத்து வராது, மங்கல்தான் பெரிதாகும். அர்டுயினோ ஊனோ என்கிற போர்டு அந்தப் படத்தில் 90 பிக்சல் நீளத்துக்கு ஒரு நீலக் கட்டமாகத் தெரியும். யூஎஸ்பி வாய் தெரியும், கால்களை எண்ண முடியாது.

அதனால் மேசையை முழுதாக ஒரு படம், அப்புறம் ஒவ்வொரு போர்டுக்கும் கிட்டப் போய், படத்தின் அகலத்துக்குள் 30 சென்டிமீட்டர் மட்டும் வருகிற மாதிரி ஒரு படம். அதை டாக்குமென்டாக அனுப்புங்கள், அப்படி அனுப்பினால் சுருங்காது. இப்போதைய போன் கேமராவில் நீளப் பக்கம் 4000 பிக்சல் வந்துவிடும், மில்லிமீட்டருக்கு 13 பிக்சல், எழுத்து படிக்கும்படி இருக்கும். ஃப்ளாஷ் வேண்டாம். வெள்ளி நிற மூடியின் மேல் இருக்கும் எழுத்து லேசாகப் பொறித்தது, நேராக வெளிச்சம் அடித்தால் மூடி பளபளவென்று கண்ணாடி மாதிரி ஆகிவிடும். சன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும்.

"படத்துல அளவே தெரியாதே, எப்படி பெருசா சின்னதான்னு கண்டுபிடிக்கிறீங்க?"

ஸ்கேல் போர்டிலேயே இருக்கிறது. அந்தக் கால்கள், நாங்கள் பின் என்போம், ஒன்றின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 2.54 மில்லிமீட்டர். இந்த வகை போர்டுகளில் பெரும்பாலும் இதே இடைவெளிதான். கம்பிகளைச் செருகிப் பார்க்கும் பலகையான ப்ரெட்போர்டின் ஓட்டைகளும் அதே. அதனால் 15 கால் வரிசை என்றால் முதல் காலிலிருந்து கடைசிக் கால் வரை 14 இடைவெளி, 35.6 மில்லிமீட்டர். படத்தில் அது எத்தனை பிக்சல் என்று பார்த்தால் மற்றதையெல்லாம் அதை வைத்து அளந்துவிடலாம்.

பக்கத்தில் ஒரு டச் அண்ட் கோ கார்டை வைத்து எடுத்தால் இன்னும் வசதி. அது 85.6க்கு 54 மில்லிமீட்டர். ராஸ்பெர்ரி பை என்கிற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டு 85க்கு 56, கார்டும் அதுவும் கிட்டத்தட்ட ஒட்டிப்பிறந்த அளவு. ஊனோ அதே அகலம்தான், ஆனால் நீளம் 68.6, ஒரு விரல் அகலத்துக்குக் குட்டை. தயவுசெய்து மைகார்டை வைக்காதீர்கள், ஐசி நம்பரோடு படம் அனுப்பிய அங்கிள் ஒருவர் இருக்கிறார். கார்டு இல்லாவிட்டால் 20 காசு போதும், இப்போதைய மஞ்சள் நாணயம் 20.6 மில்லிமீட்டர்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். சாய்த்து எடுத்த படத்தில் நீளம் பொய் சொல்லும். 45 டிகிரி சாய்வில் நம்மைவிட்டு விலகிப் போகும் பக்கம் பத்தில் ஏழாகக் குறுகிவிடும், 52 மில்லிமீட்டர் போர்டு 37 மாதிரி தெரியும். கால்களின் எண்ணிக்கை மட்டும் எந்தச் சாய்விலும் மாறாது. அதனால் நான் முதலில் எண்ணுவேன், அதற்கப்புறம்தான் அளப்பேன்.

"ராஸ்பெர்ரி பையும் அர்டுயினோவும் பார்க்க ஒரே மாதிரிதானே இருக்கு?"

ஓரத்தைப் பாருங்கள். டிவிக்குப் போகிற எச்டிஎம்ஐ வாய் இருந்தால் அது பெரும்பாலும் கம்ப்யூட்டர், ராஸ்பெர்ரி பை அல்லது அதன் உறவினர்கள். கீழே மெமரி கார்டு செருகும் இடமும் இருக்கும். அர்டுயினோ வகையில் ஸ்கிரீனுக்கு வழியே இல்லை, யூஎஸ்பி ஒன்று, சிலதில் கரண்டு கொடுக்க உருண்டை ஓட்டை ஒன்று, அவ்வளவுதான். இன்னொன்று, 2014க்குப் பின் வந்த முழு அளவு பையில் ஒரு ஓரம் முழுக்க இரட்டை வரிசையில் 40 கால்கள் மேல்நோக்கி நிற்கும். ஊனோவில் கால்கள் நிற்காது, கறுப்புப் பிளாஸ்டிக் பட்டையில் ஓட்டைகள்தான் இருக்கும்.

40 கால் இருக்கிறது, எச்டிஎம்ஐ இருக்கிறது, ஆனால் ராஸ்பெர்ரி பழச் சின்னம் எங்குமே இல்லை என்றால் ஆரஞ்சு பை போன்ற வேறு வீட்டுச் சரக்கு. அதற்கு ராஸ்பெர்ரி பையின் மெமரி கார்டைப் போட்டால் ஓடாது.

"நீலமா இருந்தா அர்டுயினோதானே?"

நிறத்தை நம்பாதீர்கள். ஊனோவின் வரைபடம் யாருக்கும் திறந்தது, அதனால் நீலம், கறுப்பு, சிவப்பு என்று எல்லா நிறத்திலும் செய்கிறார்கள். ஊனோ வடிவத்துக்கு ஒரு கைரேகை உண்டு, அது நிறத்தில் இல்லை. நீளமான ஓட்டை வரிசை இரண்டு துண்டாக இருக்கும், 10 ஓட்டை, அடுத்து 8 ஓட்டை. அந்த இரண்டுக்கும் நடுவில், 8 என்று அச்சிட்ட ஓட்டைக்கும் 7 என்று அச்சிட்ட ஓட்டைக்கும் இடையே, 2.54க்குப் பதிலாக ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். பழைய அர்டுயினோ காலத்துத் தவறு அது, அப்போதே செய்துவைத்த, மேலே செருகும் ஷீல்டு போர்டுகள் பொருந்த வேண்டும் என்று இன்றுவரை விட்டுவைத்திருக்கிறார்கள். படத்தில் அந்தக் கோணல் இடைவெளி தெரிந்துவிட்டால் ஊனோ வடிவம் என்று தைரியமாகச் சொல்லலாம்.

அசலா நகலா என்பது வேறு கேள்வி. சதுர யூஎஸ்பி வாய்க்குப் பக்கத்தில் பாருங்கள். அசல் ஊனோ ஆர்3இல் அங்கே ஒரு சின்னச் சதுர சிப் இருக்கும். மலிவு நகலில் பெரும்பாலும் இரண்டு பக்கமும் எட்டெட்டுக் காலோடு நீள்சதுர சிப், அதுதான் சிஎச்340 என்கிற யூஎஸ்பி சிப். நகல் என்றால் கெட்டது என்று அர்த்தமில்லை, கம்ப்யூட்டரில் ஒரு டிரைவர் போட வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

நம் ஊர்ப் பிள்ளைகள் மேசையில் இன்னொன்றும் அடிக்கடி பார்ப்பேன், பினாங்கில் இருக்கும் சைட்ரான் செய்கிற மேக்கர் ஊனோ. வடிவம் ஊனோதான், ஆனால் சதுர யூஎஸ்பிக்குப் பதில் மைக்ரோ யூஎஸ்பி, டிஜிட்டல் கால்களை ஒட்டி வரிசையாகக் குட்டி எல்ஈடிகள், ஒரு பஸ்ஸர், ஒரு பொத்தான். அந்த எல்ஈடி வரிசை தூரப் படத்திலும் சிக்கிவிடும்.

"ரெண்டு பக்கமும் 15 கால் இருக்கு, நடுவுல வெள்ளி டப்பா. இது இஎஸ்பி32ஆ, 8266ஆ, நானோவா?"

இதுதான் உண்மையில் சிக்கலான கேள்வி. இந்த மூன்றுக்குமே பக்கத்துக்கு 15 கால் வரலாம்.

அர்டுயினோ நானோவைத் தள்ளிவிடுவது சுலபம், அதில் வெள்ளி டப்பாவே கிடையாது. 18 மில்லிமீட்டர் அகலத்தில் ஒல்லியாக இருக்கும், நடுவில் கறுப்புச் சதுர சிப் 45 டிகிரி திரும்பி வைர வடிவில் உட்கார்ந்திருக்கும்.

மிச்சம் இரண்டு, நோட்எம்சியு என்கிற 8266 போர்டும் 30 கால் இஎஸ்பி32 போர்டும். இரண்டிலும் ஒரு முனையில் யூஎஸ்பி, மறுமுனையில் வெள்ளி டப்பா, டப்பாவுக்கு வெளியே வளைந்து வளைந்து போகும் ஆன்டெனா கோடு. அகலத்தை வைத்துப் பிரிக்கலாம் என்று நினைத்தால், நோட்எம்சியுவின் சின்ன வகை 26 மில்லிமீட்டர், இஎஸ்பி32 28 மில்லிமீட்டர் அளவு, நோட்எம்சியுவின் பெரிய வகை 31க்கு மேல். பெரிய வகை மட்டும் படத்தில் தனியாகத் தெரியும். 26க்கும் 28க்கும் இருக்கும் வித்தியாசம் சாய்வான படத்தில் காணாமல் போய்விடும்.

நான் பார்ப்பது யூஎஸ்பி வாய்க்கு இரண்டு பக்கமும் இருக்கும் பொத்தான்களை. அங்கே `EN`, `BOOT` என்று இருந்தால் இஎஸ்பி32. `RST`, `FLASH` என்று இருந்தால் 8266. அது மங்கலாக இருந்தால் காலோரத்து எழுத்து. நோட்எம்சியுவில் D வரிசை `D8` உடன் நின்றுவிடும், அனலாக் கால் `A0` ஒன்றே ஒன்று. டப்பா வைத்த போர்டில் `D34`, `D35` மாதிரி இரட்டை இலக்கம் பார்த்தால் இஎஸ்பி32. எழுத்தைப் படிக்க முடியாவிட்டாலும் அது இரண்டு எழுத்து அகலமா மூன்று எழுத்து அகலமா என்பதாவது தெரியும், அதை வைத்தே பல தடவை முடிவு பண்ணியிருக்கிறேன். டப்பாவின் மேல் `ESP8266MOD` என்றோ `ESP-WROOM-32` என்றோ பொறித்திருப்பது தெரிந்தால் அத்தோடு வேலை முடிந்தது.

பக்கத்துக்கு 19 கால் என்றால் அது பெரிய இஎஸ்பி32. 20 கால், போர்டு பச்சை, 21 மில்லிமீட்டர்தான் அகலம், ஒரே ஒரு வெள்ளைப் பொத்தான் என்றால் அது ராஸ்பெர்ரி பை பிக்கோ. பெயரில் பை இருந்தாலும் அது கம்ப்யூட்டர் இல்லை.

"என்கிட்ட இருக்கிறது பை 3ஆ, 4ஆ, 5ஆ? முடா தளத்துல விக்கலாம்னு பார்க்கிறேன்."

விற்பதாக இருந்தால் மேலிருந்து ஒரு படமும் ஓரத்திலிருந்து ஒரு படமும் போதும், பெட்டிக்குள் இருந்தாலும் கழற்ற வேண்டியதில்லை. முழு அளவு எச்டிஎம்ஐ ஒன்றும் மைக்ரோ யூஎஸ்பி கரண்டு வாயும் இருந்தால் 3 அல்லது அதற்கு முந்தையது. குட்டி எச்டிஎம்ஐ இரண்டு, கரண்டுக்கு யூஎஸ்பி சி என்றால் 4 அல்லது 5. அந்த இரண்டையும் பிரிக்க ஹெட்போன் ஓட்டையைத் தேடுங்கள். 4இல் இருக்கும், 5இல் எடுத்துவிட்டார்கள், அதற்குப் பதிலாக ஒரு பவர் பொத்தான் வந்திருக்கிறது.

மேலிருந்து எடுத்த படம் மட்டும்தான் இருக்கிறதா? நெட்வொர்க் கேபிள் செருகும் பெரிய வாய் எந்த மூலையில் இருக்கிறது என்று பாருங்கள். 3இலும் 5இலும் அது 40 கால் வரிசைக்கு எதிர் மூலையில். 4இல் மட்டும் இடம் மாறி 40 காலை ஒட்டி இருக்கும். தூரத்திலிருந்து எடுத்த படத்திலும் இது தப்பாது.

மெமரி எத்தனை ஜிபி என்பது விலையை மாற்றும், அதைப் படத்தில் கண்டுபிடிப்பது கஷ்டம். பை 5இல் மெமரி சிப் பக்கத்தில் `1G`, `2G`, `4G`, `8G` என்று பொடி எழுத்து இருக்கும், எதன் பக்கத்தில் குட்டி ரெசிஸ்டர் ஒட்டியிருக்கிறதோ அதுதான் அளவு. அதற்கு ரொம்பக் கிட்டத்தில் எடுத்த படம் வேண்டும். 4க்கு ஓட்டிப் பார்ப்பதே மேல்.

"கறுப்பு இறக்கை வச்ச சிவப்பு போர்டு, நீல டப்பா வச்ச போர்டு, இதெல்லாம் என்ன?"

அதெல்லாம் துணைக்கு வருகிறவை, மூளை இல்லாதவை. கறுப்பு இறக்கை மோட்டார் ஓட்டுவது. நீலக் கட்டி ரிலே, அதாவது கரண்டால் இயங்கும் சுவிட்ச். முட்டைக்கண் மாதிரி இரண்டு உருளை வைத்தது தூரம் அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சார். யூஎஸ்பி வாய் இல்லாத போர்டை முதலில் இந்தக் கும்பலில்தான் சந்தேகப்பட வேண்டும். ரிலேயில் தடித்த கம்பி சுவர் ப்ளக் வரைக்கும் போயிருந்தால் படத்தைக் கிட்டத்தில் எடுக்கிறேன் என்று கையை வைக்காதீர்கள், முதலில் ப்ளக்கைப் பிடுங்குங்கள்.

"நீங்க பார்த்ததிலேயே எப்படிப் படத்துல இருந்து கண்டுபிடிச்சீங்கன்னு ஒண்ணு சொல்லுங்களேன்."

செம்பனைத் தோட்டத்துக்குப் பின்னால் இருக்கும் தாமானில் ஒரு அக்கா, மகன் ஜொகூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான், அவன் அறையைத் தங்கைக்குக் கொடுக்கிறார்கள். "எதைத் தூக்கிப் போடலாம், எதை வைக்கணும்னு சொல்லு தம்பி" என்று ஒரு படம் வந்தது. மைலோ டம்ளர், கம்பிச் சிடுக்கு, நாலு சக்கர வண்டி ஒன்று, ப்ரெட்போர்டு ஒன்று, சுவரோரமாக ஒரு வெள்ளைப் பெட்டி.

வண்டியின் மேல் மோட்டார் ஷீல்டு ஒன்று முழுதாக மூடிக்கொண்டிருந்தது, அடியில் இருக்கும் போர்டு தெரியவில்லை. ஆனால் ஒரு ஓரத்தில் சதுர யூஎஸ்பியும் உருண்டை ஓட்டையும் எட்டிப் பார்த்தன. அப்படியென்றால் ஊனோ அல்லது அதன் பெரிய அண்ணன் மெகா. மெகா 101.5 மில்லிமீட்டர் நீளம், ஊனோவைவிட 33 மில்லிமீட்டர் அதிகம், அதனால் மறுமுனையில் ஷீல்டைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அங்கே ஒன்றும் நீட்டிக்கொண்டில்லை. ஊனோ.

வெள்ளைப் பெட்டியிலிருந்து ஒரு நெட்வொர்க் கேபிள் தொங்கியது, பக்கத்தில் நீல நிற நாக்கோடு இரண்டு யூஎஸ்பி. நீல நாக்கு யூஎஸ்பி 3, அது பை 3இல் கிடையாது. பெட்டி சுவரைப் பார்த்திருந்ததால் 40 கால் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. பெட்டியைத் திருப்பி ஓரத்தை எடுக்கச் சொன்னேன், இரண்டு குட்டி எச்டிஎம்ஐக்குப் பக்கத்தில் ஹெட்போன் ஓட்டை. பை 4, வைத்துக்கொள்ள வேண்டியது.

ப்ரெட்போர்டில்தான் சறுக்கினேன். மேலே ஒரு கறுப்பு போர்டு, வெள்ளி டப்பா, கால்கள் ஓட்டைக்குள் மறைந்திருந்தன. ப்ரெட்போர்டின் ஓரத்தில் 5, 10, 15 என்று எண் போட்டிருக்கும், அதை வைத்து மறைந்த காலை எண்ணலாம். போர்டு 1இல் தொடங்கி 15இல் முடிந்தது, ஆக 15 கால். அகலம் போட்டுப் பார்த்தேன். ஓட்டைக்கு ஓட்டை 14 பிக்சல், போர்டு அகலம் 146 பிக்சல், கணக்கில் 26.5 மில்லிமீட்டர் வந்தது. சரி, நோட்எம்சியு என்று சொல்லிவிட்டேன். அக்கா கடைக்கே கொண்டுவந்தார், புரட்டிப் பார்த்தால் பொத்தானில் `EN`, `BOOT`. இஎஸ்பி32! நான் பிக்சல் எண்ணியது போர்டின் நீளவாக்கில் இருந்த ஓட்டைகளை, அளந்தது குறுக்குவாக்கில், படமோ குறுக்குவாக்கில் கொஞ்சம் சாய்ந்திருந்தது. அந்தச் சாய்வே ஒன்றரை மில்லிமீட்டரை விழுங்கிவிட்டது. எந்தத் திசையில் அளக்கிறோமோ அதே திசையில் இருக்கும் ஓட்டைகளைத்தான் ஸ்கேலாக எடுக்க வேண்டும், அல்லது அந்தப் பொத்தானை ஒரு படம் கேட்டிருக்க வேண்டும். சோம்பேறித்தனம்தான்.

"எழுத்தெல்லாம் அழிஞ்சு போச்சு, எந்தப் படத்துலயும் தெரியல. வேற வழி?"

கம்ப்யூட்டரில் செருகிப் பாருங்கள். லினக்ஸ் என்றால் செருகிய பிறகு இது:

```
lsusb
```

`2341:0043` வந்தால் அசல் ஊனோ ஆர்3. `1a86:7523` என்றால் சிஎச்340, `10c4:ea60` என்றால் சிபி2102, இந்த இரண்டும் யூஎஸ்பி சிப்பின் பெயரைத்தான் சொல்லும், போர்டின் பெயரை இல்லை, ஏனென்றால் நானோ நகலிலும் நோட்எம்சியுவிலும் ஒரே சிஎச்340 இருக்கலாம். வெள்ளி டப்பா இருந்தால் esptool என்கிற மென்பொருளைக் கம்ப்யூட்டரில் போட்டுக்கொண்டு அடுத்து இது:

```
esptool.py chip_id
```

ESP8266EX என்றோ ESP32 என்றோ அதுவே எழுதிக் காட்டும். பிக்கோவாக இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் வெள்ளைப் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே செருகுங்கள், `RPI-RP2` என்று ஒரு டிரைவ் பென்டிரைவ் மாதிரி வந்து நிற்கும்.

செருகினால் லைட் எரிகிறது, கம்ப்யூட்டரில் எதுவுமே வரவில்லை என்றால் போர்டு செத்துவிட்டது என்று உடனே எழுதிப் போடாதீர்கள். பாசார் மாலாமில் வாங்கிய கேபிள்களில் சிலவற்றில் கரண்டுக்கு மட்டும்தான் கம்பி இருக்கும், டேட்டா போகாது. போனிலிருந்து படங்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்ற முடிந்த கேபிள் எதுவோ அதை எடுத்துப் போட்டுவிட்டு மறுபடி பாருங்கள்.